அம்பு ஒட்டிய கவுன்

“இடது அக்குளில் வியர்வைக் கறை. நாணய அளவு. வலது அக்குளில் அதைவிடக் கொஞ்சம் பெரிசு. ரெண்டு முறை துவைத்தாயிற்று, போகவில்லை. இனியும் போகாது.”

நாத்தனார் கூடத்தின் நடுவில் நின்று, கைப்பேசியைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல் உரக்கப் படித்தாள். மாமியார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

“இன்னும் இருக்கும்மா, கேளு. ‘லேபிளில் எம் என்று இருக்கும், நம்ப வேண்டாம். பக்கத் தையல் இரண்டும் பிரித்து விடப்பட்டிருக்கிறது. அக்குளிலிருந்து அக்குள் இருபது அங்குலம். பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். படம் ஐந்து பார்க்கவும்.’ படம் அஞ்சு! என் உடம்பு பெருத்த கதையைப் படம் போட்டு ஊருக்குக் காட்டியிருக்காம்மா உன் மருமக.”

“உங்க பேரை எங்கயும் போடலையே அண்ணி,” என்றாள் அம்புக்காரி, கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டியபடி.

“பேரு எதுக்குடி போடணும்? அந்த ஒயின் கலர் சாட்டின் கவுனைப் போட்டுக்கிட்டு நான் நின்ன போட்டோ குடும்பத்துல ஒவ்வொருத்தர் போன்லயும் இருக்கு. காலையில சித்தி கூப்பிட்டுக் கேக்குறா, ‘என்னடி, அவ்வளவு வேர்க்குமா உனக்கு?’ன்னு.”

அம்புக்காரி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பேர் அல்ல. பதினாலு வருஷம் ஏற்றுமதித் துணி ஆலையில் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வரும் உருப்படியை விளக்கடியில் விரித்து, உள்ளும் புறமும் புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே எண்ணெய்க் கறையோ, அங்கே நகத்தின் அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. அம்பு குறையைக் காட்டும். சரிசெய்கிறவர் குறையை எடுத்துவிட்டு அம்பையும் உரித்துப் போடுவார். தையல்காரிகளுக்கு அவள்மேல் ஆசையா இருக்கும்? “வந்துட்டா பாரு அம்புக்காரி, கல்யாணப் பொண்ணைக் கொண்டாந்து நிறுத்தினாலும் நெத்தியில ஒண்ணு ஒட்டுவா” என்பார்கள். ஆலையை மூடிய அன்று மற்றவர்கள் சம்பளப் பாக்கிக்குச் சண்டை போட, இவள் சண்டையும் போட்டு, மேசைக்கடியில் கிடந்த ஏழு சுருள் அம்பு ஸ்டிக்கரையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு கைப்பேசியில் ஆரம்பித்ததுதான் அந்த விற்பனைப் பக்கம். உடுத்திய துணி விற்கும் பக்கங்கள் ஆயிரம் இருக்கின்றன. “ஒரே ஒரு தடவை போட்டது”, “புத்தம் புதுசு மாதிரி” என்று எழுதுவார்கள்; வாங்கிப் பிரித்தால் ஜிப் பாதியில் நிற்கும். இவள் வேறு வழி பிடித்தாள். யாராவது விற்கச் சொல்லிக் கொடுத்த துணி வந்ததும் துவைப்பாள். ஜன்னலோரம் வெள்ளை விரிப்பு போட்டு, பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, உள்ளே புரட்டி ஒன்று எனப் படம் எடுப்பாள். லேபிள் சொல்லும் அளவை ஒரு வரி எழுதி, நாடா சொல்லும் அளவை நாலு வரி எழுதுவாள். அப்புறம் குறை. நூல் உருண்டு திரண்டிருந்தால் அது, காலர் வெளுத்திருந்தால் அது, பொத்தான் ஒன்று வேறு ஜாதியாக இருந்தால் அது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, ஒரு நாணயத்தையும் வைத்துக் கிட்டத்தில் படம். படம் எடுத்த கையோடு அம்பை உரித்துவிடுவாள். பக்கத்தின் தலையில் ஒரே ஒரு உறுதிமொழி: நான் எழுதாத குறை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் துணியைத் திருப்பி அனுப்புங்கள், பணமும் போக்குவரத்துச் செலவும் என்னுடையது.

மூன்று வருஷத்தில் ஒரு துணிகூடத் திரும்பி வந்ததில்லை. வீட்டில் எத்தனை பேர் எத்தனை சொன்னாலும், அவள் நிமிர்ந்து நடந்ததற்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. குளிர்பெட்டி பழுது பார்க்கும் கணவன்கூட வேலைக்குப் போன இடத்தில், “உங்க வீட்டம்மா பக்கத்துலதான் சார் என் பையனுக்குக் கோட் வாங்கினேன், எழுதினது எழுதினபடி இருந்துச்சு” என்று ஒருவர் சொன்னதை வந்து சொன்னான். சொல்லிவிட்டு, அதற்காகத் தனக்கு ஏதோ சேர வேண்டும் என்பதுபோல் நின்றான்.

இப்போது நாத்தனார் கையை நீட்டினாள். “கவுனைக் குடு. விக்கவே வேணாம்.”

“வித்தாச்சு அண்ணி. வெளியூர்ல ஒரு ஹோட்டல் வரவேற்புல நிக்கிற பொண்ணு எடுத்திருக்கு. பாதி பணம் போட்டுட்டா. சம்பளம் வந்ததும் மீதி, அன்னைக்கே அனுப்பணும். இன்னும் பதினோரு நாள் இருக்கு.”

“அப்போ அந்தக் கறைப் படத்தையாவது எடு.”

“அவ அதைப் பாத்துட்டுத்தான் வாங்கியிருக்கா. அதை எடுத்தா நான் எதை வித்தேன்?”

“ஐயோ, அரிச்சந்திரன் வீட்டு வாரிசு!” நாத்தனார் விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனாள். அம்புக்காரி பின்னாலேயே ஓடினாள். வெள்ளை விரிப்பின் மேல் கவுன் கிடந்தது. அன்று காலைதான் இன்னொரு தடவை படம் கேட்டிருந்தாள் அந்த ஹோட்டல் பெண், அதற்காக அம்புகளை மறுபடி ஒட்டியிருந்தாள். அக்குளுக்கு ஒன்றாக இரண்டு, பக்கத் தையலுக்கு ஒன்றாக இரண்டு. நாத்தனார் கவுனை அள்ளி எடுத்தாள். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் காகிதம் புரட்டுகிறவள். விரல் வறண்டுபோகிறது என்று எந்நேரமும் கைக்கு ஏதாவது களிம்பைப் பூசிக்கொண்டே இருப்பாள்.

“விடுங்க அண்ணி, சாட்டின்! கறை பிடிக்கும்!”

“ஏற்கெனவே கறைன்னுதானே எழுதியிருக்க? இன்னொண்ணு புடிச்சா இன்னொரு அம்பு ஒட்டு. உனக்குத்தான் கை அரிக்குமே.”

ஒரு முனையை இவளும் ஒரு முனையை அவளுமாக இழுத்ததில் தையல் தப்பியது பெரிய விஷயம். கடைசியில் நாத்தனார்தான் விட்டாள். விட்டுவிட்டு, அம்புக்காரியின் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

“ஊரான் வீட்டுத் துணியை விரிச்சு வச்சுக் குறை சொல்றது ரொம்பச் சுலபம்டி. உன்னை விரிச்சு வச்சா எத்தனை அம்பு தேறும்னு யாராவது எண்ணட்டும் ஒருநாள்.”

அவள் போன பிறகு அம்புக்காரி கதவைச் சாத்தினாள். வழக்கப்படி அம்புகளை உரிக்கக் கையை வைத்தவள், உரிக்கவில்லை. இருக்கட்டும். மறுபடி வந்து அலமாரியைத் திறந்தால் நாலு அம்பும் அவள் முகத்துக்கு நேரே நிற்கட்டும். ஆலையில் பதினாலு வருஷத்தில் செய்யாத காரியத்தை அன்று வீம்புக்குச் செய்தாள்: அம்போடு மடித்து, இரும்பு அலமாரியில், மேற்கு வெயில் அடிக்கிற சுவரோரத் தட்டில், கனத்த கம்பளிக் கோட்டுகளுக்கு அடியில் வைத்தாள்.

பதினோரு நாளில் நாத்தனார் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் மாமியாரிடம் பேசுவதுபோல் இவளுக்குப் பேசினாள். “அம்மா, உன் ஜாக்கெட்டு கிழிஞ்சிருக்கு, மறைச்சுக்கோ, படம் புடிச்சிருவாங்க.” மாமியார் யார் பக்கமும் சேரவில்லை, இருவரும் போட்ட சண்டையில் காய் நறுக்க ஆளில்லாமல் போனதுதான் அவளுக்குக் குறை. “ரெண்டு பேரும் வாயால நறுக்குறதைக் கத்தியால நறுக்குங்கடி, சமையலாவது முடியும்,” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை மீதிப் பணம் வந்தது. மின்விளக்கு வெளிச்சத்தில் அம்புகளை உரித்தாள். கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தன. கவுனை அப்படியே மடித்து, உறையில் போட்டு, கூரியர் கடை மூடுமுன் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள். அனுப்புமுன் இன்னொரு முறை பகல் வெளிச்சத்தில் பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்குப் பகல் முடிந்திருந்தது.

நாலாம் நாள் பக்கத்தில், கவுன் படத்துக்குக் கீழேயே, எல்லாரும் பார்க்கும்படி ஹோட்டல் பெண் எழுதினாள்:

“எழுதாத குறை இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்றீர்கள். எழுதிய நாலு குறையும் இருக்கிறது. எழுதாத நாலும் இருக்கிறது. கைபட்ட அழுக்கு மாதிரி நாலு இடத்தில் மங்கிப்போய், ஒட்டுகிறது. ஒருநாள் போட்டதும் அங்கெல்லாம் தூசி பிடித்துக் கறுத்துவிட்டது. உண்மை, உண்மை என்று சொல்லித்தான் அதிகமாக ஏமாற்றுகிறார்கள்.”

கூடவே ஒரு படம். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது, கை ஆடியிருந்தது. ஏதோ திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் கீழே ஆட்கள் கூடிவிட்டார்கள். மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் வாங்கியவர்களுக்கெல்லாம் அன்றைக்கு வாய் முளைத்தது. “எனக்கும் அப்பவே சந்தேகம்தான்.” “நாணயத்தைப் படத்துல வச்சா போதுமா, பேச்சுல வேணாமா?” புத்தம் புதுசு மாதிரி விற்கும் வேறொரு பக்கத்துக்காரி, ஒன்றும் எழுதாமல் சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அம்புக்காரிக்கு ஒரு நொடிகூட யோசனை தேவைப்படவில்லை. கைபட்ட அழுக்கு. ஒட்டுகிறது. களிம்பு! ஹோட்டல் பெண்ணுக்குத் தனியே எழுதினாள்: ‘என்மேல் தப்பு இல்லை. துணியின் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் செய்த வேலை. அனுப்பிவிடுங்கள், பணம் தருகிறேன்.’ எழுதிவிட்டு அதோடு நிற்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் அம்மாவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாள்.

“திருப்திதானே அண்ணி? மூணு வருஷம் சேத்து வச்ச பேரு போச்சு.”

“என்னடி உளர்ற?”

“வேணும்னுதானே அந்தக் கையோட கவுனைப் புடிச்சு இழுத்தீங்க? நாலு இடத்துல களிம்பு. அவ திருப்பி அனுப்புறா. வயித்தெரிச்சல்ல தன் துணியையே பாழ் பண்ற ஆளை நான் எங்கயும் பாத்ததில்லை.”

நாத்தனார் எழுந்து நின்றாள். கத்தவில்லை, அவள் கத்தாமல் பேசி யாரும் கேட்டதில்லை.

“அந்தக் கவுனு என் வீட்டுக்காரர் கடைசியா வாங்கிக் குடுத்தது. போட்டுக்க மனசு வரல, வச்சுக்கவும் மனசு வரல. அதான் உன்கிட்ட குடுத்தேன். அதுல போய் நான் களிம்பு தடவுவேனாடி?”

கணவன் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் முதல்முறையாக ஒரு பக்கம் சேர்ந்தாள். “நாக்கை அடக்கு,” என்றாள் மருமகளைப் பார்த்து.

“கவுன் வரட்டும் அத்தை. வந்ததும் விரிச்சுக் காட்டுறேன். அப்போ யாரு நாக்கு அடங்குதுன்னு பாப்போம்.”

“வரட்டும்,” என்றாள் நாத்தனார். “வந்ததும் என்னைக் கூப்பிடு.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கவுன் புதன்கிழமை காலை வந்தது. வீட்டில் மாமியார் மட்டும் இருந்தாள். அம்புக்காரி ஜன்னலைத் திறந்து, வெள்ளை விரிப்பைப் போட்டு, கவுனை விரித்தாள். காலை வெயில் சாய்வாக விழுந்தது. ஆலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்: பளபளப்புத் துணியை நேரே பார்க்காதே, பக்கவாட்டில் பார். குனிந்து, கன்னத்தைத் துணிக்கு இணையாக வைத்துப் பார்த்தாள்.

நாலு மங்கல். தூசி ஏறிக் கறுத்திருந்தன. விரல் பட்ட இடமாக இருந்தால் நீளமாகவோ உருண்டையாகவோ இருக்க வேண்டும். இவற்றுக்கு வால் இருந்தது. கூர்மையான முனை இருந்தது. இரண்டு முனைகள் அக்குள் கறையைப் பார்த்தன, இரண்டு ஊசித்துளை வரிசையைப் பார்த்தன. நாலும் சரியாக நகத்தின் அளவு.

அவள் மெதுவாக மேசை இழுப்பறையைத் திறந்து, சுருளிலிருந்து ஒரு அம்பை உரித்து, ஒட்டாமல் மேலே பிடித்துப் பார்த்தாள். அச்சு அசல். வெயிலடிக்கும் சுவரோரம், கோட்டுகளின் கனத்தில் பதினோரு நாள் வெந்த பசை, சாட்டினுக்குள் இறங்கியிருக்கிறது.

ஒரு தடத்தின் பசை உள்மடிப்பு வரை ஊறியிருந்தது; வெளியே தெரியாத அந்த இடத்தில் மட்டும் ரப்பரால் தேய்த்துப் பார்த்தாள். பசை வந்தது, பளபளப்பும் கூடவே வந்தது. துணி சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று. கையை எடுத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடியே யோசனை சொன்னான். “யாருக்குத் தெரியப் போகுது? அந்தப் பொண்ணு களிம்புன்னே நினைக்கட்டும். பணத்தைக் குடுத்து முடி. அக்காகிட்ட, ‘சரி விடுங்க, பழசைக் கிளற வேணாம்’னு பெரிய மனசு பண்ணிடு. உனக்கும் பேரு, அவளுக்கும் நிம்மதி.”

“நான் பண்ணின தப்புக்கு நானே பெரிய மனசு பண்றதா?”

“உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க,” என்றான் அவன், மோர் கேட்டு.

சுலபம்தான். பக்கத்தில் எழுதினால் அந்த வரி முதலில் போய்ச் சேரும் இடம் அவளுக்குத் தெரியும். நாத்தனார் அதைச் சித்திக்குப் படிப்பாள், அத்தைக்குப் படிப்பாள், செத்தாலும் படிப்பாள். எழுதாவிட்டால் பக்கத்தின் தலையில் இருக்கும் உறுதிமொழியை எடுக்க வேண்டும். எடுக்காமல் வைத்துக்கொண்டு எழுதாமல் இருக்கவும் முடியும். அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரி அப்படித்தான் இருக்கிறாள். சாப்பிடாமலேயே தட்டைக் கழுவி வைத்தாள். வெயில் ஜன்னலைவிட்டு இறங்குமுன் படம் எடுத்தாக வேண்டும்.

நாலு தடத்தின் பக்கத்திலும் நாணயத்தை வைத்தாள். அம்பு ஒட்டவில்லை, அவையே அம்புகள். பழைய பதிவுக்கு மேலே புதிதாக எழுதினாள்:

“இந்தக் கவுன் திரும்பி வந்துவிட்டது. அக்குள் கறையும் பக்கத் தையலும் முன்பு எழுதியபடி. புதிய குறை நான்கு: அம்பு ஸ்டிக்கரின் பசைத்தடம், நகத்தின் அளவு, தூசி ஏறிக் கறுத்தது, போகாது. ஐந்தாவது: உள்மடிப்பில் ரப்பர் தேய்த்து வெளுத்த இடம். ஐந்தும் நான் செய்தவை. படம் எடுத்ததும் உரிக்க வேண்டிய அம்புகளைக் கோபத்தில் பதினோரு நாள் விட்டுவிட்டேன். அனுப்புமுன் பகலில் பார்க்கவில்லை. வாங்கியவரிடம் சொந்தக்காரர்மேல் பழி சொன்னேன். அது பொய். பணமும் செலவும் திருப்பிவிட்டேன். விற்பனைக்கு இல்லை.”

ஹோட்டல் பெண் ஒரு வரி எழுதினாள்: “பணம் வந்தது.” முதலில் எழுதியதை அவள் அழிக்கவில்லை. அம்புக்காரியும் அழிக்கவில்லை. அன்று மாலைக்குள் அறுபது பேர் பக்கத்தை விட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அழைக்காமலேயே வந்தாள். படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

“அஞ்சு குறை எழுதியிருக்க. ஆறாவது எங்கே?”

“எது அண்ணி?”

“எங்க அம்மா முன்னாடி, என் தம்பி முன்னாடி, வயித்தெரிச்சல்காரின்னியே. அது அந்தப் பக்கத்துல இல்லையே? ஊருக்கு எழுதத் தெரியுது, வீட்டுக்கு எழுதத் தெரியாதா?”

அம்புக்காரி கைப்பேசியை எடுத்துக் குடும்பக் குழுவைத் திறந்தாள். சித்தி, அத்தை, கல்யாணமாகிப் போன பெண்கள் என்று முப்பத்தொரு பேர். தட்டினாள்: ‘ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பற்றி நான் சொன்னது தப்பு. அவர் கவுனைப் பாழாக்கவில்லை. பாழாக்கியது நான்.’ நாத்தனார் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

“‘மன்னிக்கணும்’னு ஒரு வார்த்தை?”

அதையும் தட்டினாள்.

“கவுனைக் குடு.”

கொடுத்தாள். நாத்தனார் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நாலு அம்பையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டாள்.

“இதை இனிமே யாருக்கும் விக்கமாட்டேன். மாமா பொண்ணு கல்யாணத்துக்கு இதைத்தான் போட்டுக்கிட்டு வருவேன். கேக்குறவங்ககிட்ட எல்லாம் யாரு போட்ட அம்புன்னு சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“சொல்லத்தாண்டி போறேன்.”

சொன்னபடி செய்தாள். கல்யாண மண்டபத்தில், பந்திக்கு நிற்கும் வரிசையில், கையைத் தூக்கித் தூக்கி அக்குளருகே இருந்த அம்புகளைக் காட்டினாள். “என் தம்பி பொண்டாட்டி செஞ்ச எம்பிராய்டரி” என்றாள். சித்தி சிரித்து மூச்சு வாங்கினாள். அம்புக்காரி நாலு ஆள் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பார்க்கக்கூடாது என்று நினைத்தும் கண் தன் வேலையைச் செய்தது: கவுனின் பக்கத் தையல் மறுபடியும் பிரித்து விடப்பட்டிருந்தது, இந்த முறை அவசரத் தையல். நாத்தனார் ஐந்தாம் முறையாகக் கையைத் தூக்கியபோது இடுப்புக்கு மேலே நாலு தையல் விட்டு, உள்ளாடை தெரிந்தது.

யாரும் பார்க்கவில்லை. இவள் பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம், இன்னும் இரண்டு முறை கையைத் தூக்கியிருந்தால் மண்டபமே பார்த்திருக்கும்.

வரிசையை விட்டு விலகி, பின்னால் போய் நின்றாள். பையிலிருந்து ஊக்கை எடுத்தாள்.

“கையை இறக்குங்க. தையல் விட்டிருக்கு. அசையாம நில்லுங்க.”

நாத்தனாரின் முதுகு விறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

“எவ்வளவு?”

“நாலு தையல். ரெண்டு அங்குலம்.”

“குத்திடாதே.”

“குத்தினா எழுதிடுறேன்.”

“ஒழுங்காக் குத்துடி,” என்றாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு. வரிசை நகர்ந்தது. ஊக்கு போட்டு முடியும்வரை அவள் நகரவில்லை.